போர்வைக்குள் இளநீர்

அந்த ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கட்சிகள் இருந்தன. இரண்டுக்கும் கொடி கிடையாது, தள்ளுவண்டிதான். வலப்பக்கத்து வண்டி காதுக்காரருடையது. இளநீரைக் கையில் எடுத்து, நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டி, காதோடு வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். இதயநோய் டாக்டர்கூட அவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பது அங்கே பேச்சு. கேட்டு முடித்ததும், "இது உங்களுக்கு இல்ல" என்று கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் கூட்டம் நின்றது. தனக்கென்று ஒரு காய் இருக்கிறது என்று கேட்க யாருக்குத்தான் பிடிக்காது?

இடப்பக்கத்து வண்டி கைக்காரியுடையது. அவள் சுண்டவும் மாட்டாள், கண்ணை மூடவும் மாட்டாள். குவியலைப் பார்ப்பாள். தோல் வழவழவென்று சுருக்கமில்லாமல் இருக்கிறதா, காம்பைச் சுற்றின வளையம் வெளிறி இருக்கிறதா, இல்லை காய்ந்து பழுப்பேறிவிட்டதா என்று ஒரு பார்வை. பிறகு இடது உள்ளங்கையில் தூக்கி ஒரு முறை ஏற்றி இறக்குவாள். தன் அளவுக்கு மீறிக் கனத்தால் அதுதான். "பெருசா இருக்கறதக் குடும்மா" என்று கேட்பவர்களிடம், "பெருசு வேணும்னா மட்டைதான் பெருசா இருக்கும், மட்டையக் குடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சின்னதை வெட்டிக் கொடுப்பாள்.

காலையில் லாரியிலிருந்து குலைகள் இறங்கியதும் ஒவ்வொரு குலையிலும் ஒன்றை வெட்டி, அவளே முதலில் குடித்துப் பார்ப்பாள். ஒரு குலைக் காய்கள் ஒரே வயது. ஒன்று சொல்வதைத்தான் மற்றதும் சொல்லும். துவர்த்தால் இன்னும் பிஞ்சு, தண்ணீருக்கு அவசரப்பட்டுவிட்டார்கள். சப்பென்று இருந்து உள்ளே வழுக்கை கெட்டிப்பட்டிருந்தால் முற்றிவிட்டது, அது தின்கிறவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவில், வழுக்கை கரண்டியில் நிற்காமல் வழிந்து ஓடுகிற பருவத்தில் இருக்கிறது பாருங்கள் தித்திப்பு, அந்தக் குலையைத்தான் முன்னால் வைப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் காயை ஒருவரும் குறை சொன்னதில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். பிறர் சொல்லும்வரை காத்திருக்க அவளுக்கு வியாபாரம் இருந்தது.

இப்படி இருக்கையில் காதுக்காரர் விழுந்தார். மரத்திலிருந்து விழுந்திருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். தான் வெட்டிப்போட்ட மட்டையிலேயே கால் வைத்து வழுக்கி, தன் வண்டிக்கு முன்னாலேயே, தன் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை, கேட்டைத் திறந்தால் போதுமாக இருந்தது. மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தார்கள்.

அவர் மனைவி வீட்டில் தையல் மிஷின் வைத்திருப்பவள். வண்டியை அவளால் நடத்த முடியாது. படுக்கையில் கிடந்தவர் இரண்டே நாளில், "நாக்கு செத்துப்போச்சு, ஒரு இளநீர் வாங்கிட்டு வா" என்றார். வாசலில் இப்போது ஒரே ஒரு வண்டிதான் இருந்தது.

தையல்காரம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றபோது கைக்காரிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. எதிர்க்கட்சித் தலைவர் தன் வண்டியில் வாங்கிக் குடிக்கிறார்! வாயால் மட்டும், "எப்படி இருக்காரு அண்ணன்?" என்றாள்.

"கால் பரவால்ல. வாய்தான் இன்னும் சரியாகல."

"அது எந்த டாக்டராலயும் ஆகாது தங்கச்சி."

ஆஸ்பத்திரிக்குள் காயைக் கொண்டுபோகக் கூடாது. யாரோ மட்டையை மாடிப்படியில் போட்டு, எறும்பு வந்து, ஒரு பெரிய டாக்டரின் செருப்புக்குள் நுழைந்ததிலிருந்து அந்தச் சட்டம். அதனால் தையல்காரம்மா ஒரு எவர்சில்வர் ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்தாள். கைக்காரி குவியலில் இருந்ததிலேயே நல்ல குலையை அவிழ்த்து, அதிலும் ஒன்றைத் தூக்கிப் பார்த்து வைத்து, இன்னொன்றைத் தேர்ந்தெடுத்து வெட்டி, வடிகட்டி ஊற்றினாள். ராஜாவுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள். எதிரிக்கு ஊற்றுவதில் அதைவிடக் கவனம் வேண்டும்.

மறுநாளும் தையல்காரம்மா வந்தாள். அதற்கு மறுநாளும். கைக்காரி வண்டியோரம் நின்று மாடி ஜன்னலைப் பார்த்து, தன் காய் தன் எதிரியின் தொண்டையில் இறங்குவதை மனசுக்குள் ரசித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். தினம் ஒரு காய் குடிக்கிறவர். அன்றைக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், கேட்கவில்லை.

"என்ன அண்ணே, வேணாமா?"

"இல்லம்மா... மேல வார்டுல ஒரு பேச்சு ஓடுது. உன் காய் புளிக்குதாமே?"

கைக்காரியின் கையில் இருந்த அரிவாள் அப்படியே நின்றது.

"எவன் சொன்னான்?"

"காதுக்காரர்தான். பக்கத்துக் கட்டில்ல ஒரு பஸ் கண்டக்டர் இருக்காரு, கை உடைஞ்சு. யாரோ குடிச்சுட்டுச் சொன்னதா அவர்கிட்ட சொன்னாராம். கண்டக்டர்கிட்ட சொன்னா என்ன ஆகும்? முன்பக்கம் பின்பக்கம் எல்லாரும் உள்ள வாங்கன்னு கூப்பிட்டு வார்டு முழுக்க டிக்கெட் கொடுத்துட்டாரு."

அன்று முதல் வாசலில் காற்று மாறியது. வந்தவர்கள் காயை அவர்களே தூக்கிக் குலுக்க ஆரம்பித்தார்கள். ஜுரத்துக்கு வந்த ஒருவர், சுண்டத் தெரியாமல் முட்டியால் இடித்து, "சத்தம் சரியில்லையே" என்றார். சத்தம் அவர் முட்டியில் வந்தது. ஒரு அம்மாள், "முதல்ல ஒரு வாய் குடிச்சுப் பாக்கறேன், அப்புறம் வாங்கறேன்" என்றாள். கைக்காரிக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வியாபாரம் குறைந்ததுகூட அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தன் கையைச் சந்தேகப்பட்டுவிட்டார்களே!

ஒரு நாள் மதியம் வாசல் வெறிச்சோடியபோது, தையல்காரம்மாவுக்கு ஊற்றிய அதே குலையிலிருந்து இன்னொரு காயை வெட்டித் தானே குடித்தாள். தேன். கடைசிச் சொட்டுவரை தேன். ஆனால் அதைக் குடித்து முடித்ததும், தன்னையே கேட்டுக்கொண்டாள்: "என் நாக்கும் என் பக்கம்தானே பேசும்?" இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். இத்தனை நாள் நம்பிய கை. முதல்தடவையாக அதை யாரோ கொடுத்துவிட்டுப் போன கை மாதிரி பார்த்தாள்.

மறுநாள் தையல்காரம்மா வந்ததும் நேராகவே கேட்டாள்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. உங்க வீட்டுக்காரர் என்னைப் பழிவாங்கறாரா, இல்ல நெஜமாவே புளிச்சுதா?"

தையல்காரம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. "புளிக்குதுக்கா. நானும் வாயில விட்டுப் பாத்தேன். லேசா நுரை கட்டி, பொங்கின மாதிரி இருக்கு. உங்களைச் சொல்லக் கூடாதுன்னுதான் வாய மூடிட்டிருந்தேன்."

"ஃபிளாஸ்க்ல முன்ன என்ன ஊத்தி வச்சிருந்த?"

"புதுசுக்கா. தெனமும் சுடுதண்ணில கழுவித்தான் கொண்டு வரேன்."

கைக்காரி ஃபிளாஸ்க்கை வாங்கி மோந்து பார்த்தாள். சுத்தம். மூடியைத் திருகிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பிறகு, ஏதோ பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, "மேல கொண்டு போனதும் குடிச்சிடுவாருல்ல?" என்றாள்.

தையல்காரம்மா கீழே பார்த்தாள்.

"என்ன?"

"சிரிக்கக் கூடாதுக்கா."

"எனக்கு இப்போ சிரிப்பு வருமா? சொல்லு."

"வார்டுல எல்லாருக்கும் அவரைத் தெரியும். எதிர்வண்டி இளநீரைக் குடிக்கறத யாராச்சும் பாத்துட்டா மானம் போயிடுமாம். அதனால..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வாங்கினதும் போர்வைக்குள்ள வச்சுக்கறாரு. இடுப்போட அணைச்சு. சாயங்காலம் பாக்க வந்தவங்கள்லாம் போனப்புறம், கண்டக்டரும் அசந்து தூங்கினதும்தான் வெளிய எடுக்கறாரு."

"காலையில ஊத்தறதை?"

"ம்."

"மூடியை ஒரு தடவையாச்சும் திறக்கறாரா நடுவுல?"

"எப்படிக்கா திறக்காம இருப்பாரு? வாசனை பாக்கறாருல்ல. போர்வைய இழுத்துத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு அப்பப்போ ஒரு சொட்டு நக்கிப் பாக்கறாரு."

கைக்காரி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபம். அந்த இரண்டையும் தாண்டிக்கொண்டு ஒரு பெரிய நிம்மதி வந்தது. தன் கை தப்புச் செய்யவில்லை. ஒரு மனுஷன் அவள் இளநீரைக் கோழி முட்டை அடைகாக்கிற மாதிரி அடைகாத்திருக்கிறான்!

அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை. பார்சல் வாங்குகிறவர்களிடம் அவள் பாட்டு மாதிரி ஒப்பிப்பாள்: வெட்டின தண்ணிய உடனே குடிங்க, கொஞ்ச நேரம் போனாலே ருசி இறங்கும். வெயில்ல அரை நாள் வச்சா புளிச்சுடும், புளிச்சதைக் குழந்தைக்கும் குடுக்காதீங்க, நீங்களும் குடிக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல மூடி வச்சா நாளைக்கு வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. வெட்டாத காயா இருந்தா வீட்ல பல நாள் இருக்கும், அதனால முழுசா வாங்கிட்டுப் போங்க. மாடிப்படி ஏறுகிற தூரத்துக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் காதுக்காரருக்கு ஏன் தெரியவில்லை? அதைத்தான் அவள் யோசித்தாள். யோசித்ததும் புரிந்தது. அவர் வண்டியில் 'பார்சல் இல்லை' என்று பலகை தொங்கும். "இளநீர்னா நின்னு குடிக்கணும், மூட்டை கட்டிட்டுப் போக இது என்ன அரிசியா?" என்று விரட்டுவார். அவரோ காயில் வாய் வைத்தே குடித்து வளர்ந்தவர். வாழ்நாளில் ஊற்றி வைத்த இளநீரை அவர் பார்த்ததே இல்லை. காயைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. காயைவிட்டு வெளியே வந்த தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. புளித்தால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: தேர்ந்தெடுத்தவளுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

"இன்னிக்கும் ஊத்தித் தரேன்," என்றாள் கைக்காரி. "அவர்கிட்ட குடு. அவர் பாட்டுக்கு அடைகாக்கட்டும். நான் சாயங்காலம் பாக்க விடற நேரத்துல மாடிக்கு வரேன்."

"ஐயோ அக்கா, சண்டை போடாதீங்க."

"சண்டையா? நோயாளியப் பாக்க வரேன்மா. வெறுங்கையோட வருவேனா?"

சாயங்காலம், காலையில் தையல்காரம்மாவுக்கு ஊற்றிய அதே குலையின் காய் ஒன்றைக் கைக்காரி எடுத்தாள். அரிவாளைப் பிடித்தாள். பச்சைத் தோலை மட்டும் சீவத் தொடங்கினாள். மெல்ல மெல்ல, சுற்றிச் சுற்றி. ஓட்டுக்கு மேலே ஒரு வெள்ளைப் பூவாட்டம் மட்டையின் கடைசிப் படலம் நின்றது. ஒரு பக்கத்தில் மட்டும் இன்னும் சீவி, அங்கே ஓடு வெற்றிலை அளவுக்கு மெலியும்படி விட்டாள். ஒரு வெட்டு அதிகமானால் தண்ணீர் பீறிட்டுவிடும். ஆம்புலன்ஸ் டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை. சீவினது காற்றுப் பட்டுப் பழுப்பேறும் முன்னால் ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். டிரைவரை வண்டிக்குக் காவல் வைத்தாள்.

கேட்டில் வாட்ச்மேன் மறித்தார். அவர் காதுக் கட்சி.

"காய் உள்ள போகக் கூடாதும்மா."

"எதுக்குக் கூடாது?"

"மட்டை."

கைக்காரி துணியை விலக்கிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருந்தது. "மட்டை எங்க இருக்கு காட்டு."

வாட்ச்மேன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சட்டம் மட்டையைப் பற்றித்தான் பேசியது. உருண்டையைப் பற்றிப் பேசவில்லை. "அரிவாள்?"

"கீழ இருக்கு."

"அப்போ எப்படித் திறப்ப?"

"ஒரு கரண்டி இருந்தா போதும். உன் டிபன் டப்பாவுல இருக்கா?"

யோசிக்கும் முன்பே கரண்டியைக் கொடுத்துவிட்டு, பிறகு யோசித்தார் வாட்ச்மேன். அதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

வார்டில் கூட்டம். கட்டிலுக்குக் கட்டில் உறவினர்கள். காதுக்காரர் அவளைக் கண்டதும் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். இடுப்புப் பக்கம் ஒரு புடைப்பு.

"வாம்மா," என்றார், கண்டக்டருக்குக் கேட்கிற குரலில். "புளிப்பு வியாபாரம் எப்படிப் போகுது?"

வார்டே திரும்பியது. கண்டக்டர் உடையாத கையால் தலையணையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்க வாயால ஒரு தீர்ப்பு வாங்கத்தான் வந்தேன்," என்று கைக்காரி துணியைப் பிரித்தாள். "இந்தக் காய் எப்படின்னு சொல்லுங்க."

காதுக்காரர் பார்த்தார். "தோலைச் சீவிட்டா எப்படிச் சொல்றது? காம்பு இல்ல, நிறம் இல்ல. தெரிஞ்சேதான் மறைச்சுக் கொண்டு வந்திருக்க."

"நிறம் பாக்கறவ நான். உங்களுக்குக் காது இருக்கே."

கண்டக்டர், "நல்லாக் கேட்டம்மா!" என்றார்.

காதுக்காரருக்கு வேறு வழியில்லை. சொந்தக் கட்சிக்காரர்கள் முன்னால் காதை வைத்துக்கொண்டு கேட்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? காயை வாங்கிக் காதோடு வைத்து ஆட்டினார். தளும்பும் சத்தம் இல்லை. உள்ளே நிறைந்து நிற்கிறது. நடுவிரலால் சுண்டினார். கண்ணை மூடினார். வார்டில் ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டார்.

சுண்டின சத்தம் டங்கென்று வெறுமையாக ஒலிக்கவில்லை. மந்தமாக, கனமாக, வயிறு நிறைந்தவன் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. அவர் மறுபடியும் சுண்டினார். மறுபடியும். பொய் சொல்ல நினைத்திருக்கலாம், ஆனால் அந்தக் காது அவருக்கே அடங்காது.

"நல்ல காய்தான்," என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி. "நல்லா நெறைஞ்சிருக்கு. பருவம் சரியா இருக்கு. இதை எவனும் குறை சொல்ல முடியாது."

"இது எந்தக் குலைன்னு தெரியுமா அண்ணே? காலையில உங்களுக்கு ஊத்திக் குடுத்த அதே குலை. அதே பக்கம். பக்கத்துப் பக்கத்துல தொங்கின காய்."

காதுக்காரரின் கண் தையல்காரம்மாவைத் தேடியது. அவள் ஜன்னல் பக்கம் எதையோ அவசரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைக்காரி கரண்டிக் காம்பை மெலிந்த இடத்தில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். பொத்தென்று ஓடு உள்ளே போனது. ஒரு துளி மேலே எழும்பி நின்றது. கட்டிலோரம் இருந்த டம்ளரில் பாதி ஊற்றி நீட்டினாள். காதுக்காரர் வார்டைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். மானமும் நாக்கும் கொஞ்ச நேரம் இழுபறி நடத்தின. நாக்கு ஜெயித்தது. குடித்தார். முழுக்கக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் அடியில் ஒட்டியிருந்ததையும் அண்ணாந்து விட்டுக்கொண்டார்.

"எப்படி?" என்றார் கண்டக்டர்.

"ம்."

"ம்னா?"

"தித்திப்புதான்யா. விடு."

"இப்போ," என்று கைக்காரி கையை நீட்டினாள், "போர்வைக்குள்ள இருக்கறதையும் எடுங்க அண்ணே."

"எதை?"

"பச்சக் குழந்தை மாதிரி அணைச்சுட்டிருக்கீங்களே, அதை."

கண்டக்டர் குனிந்து, உடையாத கையால் போர்வையின் ஓரத்தைத் தூக்கினார். இடுப்போடு ஒட்டி எவர்சில்வர் பளபளத்தது. எதிர்க்கட்டில் கிழவர், "அட, இதுக்குத்தானா தினமும் திரும்பித் திரும்பிப் படுத்தாரு!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கட்டில் கட்டிலாகப் போய் வராந்தாவரைக்கும் எட்டியது. காதுக்காரரின் மாவுக்கட்டு மட்டும்தான் வெள்ளையாக இருந்தது, மற்றதெல்லாம் சிவந்துவிட்டது.

கைக்காரி ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். திறக்கும்போதே உஸ்ஸென்று ஒரு சின்ன மூச்சு விட்டது. டம்ளரில் ஊற்றினாள். கலங்கலாக, ஓரத்தில் நுரை.

"இதைக் குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாருங்க. நாக்கு நுனியில ஒரு சொட்டு, அவ்ளோதான்."

காதுக்காரர் மோந்தார். நாக்கு நுனியில் தொட்டார். முகம் சுருங்கியது. இந்தப் புளிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும்; இத்தனை நாளாக அதைத்தான் இவள் பெயரில் எழுதியிருந்தார்.

"ஒரே குலை," என்றாள் கைக்காரி. குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய அவசியமும் இல்லை, வார்டு அவ்வளவு அமைதியாக இருந்தது. "ஒண்ணு இப்போ திறந்தது. ஒண்ணு காலையில திறந்து, உங்க சூட்டுல நாள் பூரா கிடந்தது. இப்போ சொல்லுங்க. என் கை தப்பா, உங்க போர்வை தப்பா?"

காதுக்காரர் ஃபிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். கேள்வி உண்மையிலேயே புரியாமல் வந்தது.

"வெட்டினா... கெட்டுப்போகுமா?"

"நீங்க பார்சல் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"வெளிய வச்சா கொஞ்ச நேரம்தான். திறந்ததும் குடிச்சா அது இளநீர். வெயில்ல வச்சுட்டுக் குடிச்சா அது வம்பு. ஃப்ரிட்ஜ்ல மூடி வச்சா மறுநாள் வரைக்கும். போர்வைக்குள்ள வச்சா என்ன ஆகும்னு உலகத்துலயே உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

காதுக்காரர் ஃபிளாஸ்க்கை வாங்கி மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடியும் திருகினார். கண்டக்டர் பொறுமையிழந்து, "தீர்ப்பு சொல்லுங்க, இறங்கறவங்க இறங்கணும்ல," என்றார்.

காதுக்காரர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோற்கிற மனுஷனுக்கு உள்ள முகம் அது இல்லை. பெரிய கட்சித் தலைவர் கூட்டணியை அறிவிக்கிற முகம்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றார். "காயில குத்தமில்ல. இந்தம்மா எடுத்தா, அது நல்ல காய்தான். இதை நானே என் காதால கேட்டுச் சொல்றேன்." கடைசி வாக்கியத்தில் பெருமையை மறுபடியும் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை எல்லோரும் கவனித்தார்கள். கைக்காரியும் கவனித்தாள். விட்டுக்கொடுத்தாள். அவள் வந்த வேலை முடிந்துவிட்டது.

"மிச்சம் பாதி இருக்கு, இப்பவே குடிச்சுடுங்க," என்று காயை அவர் கையில் கொடுத்தாள். அவர் வார்டு முழுக்கப் பார்க்க, டம்ளர் கேட்காமல், காயிலேயே வாய் வைத்துக் குடித்தார்.

கீழே இறங்கும்போது கரண்டியைக் கழுவி வாட்ச்மேனிடம் கொடுத்தாள். "உள்ள என்னம்மா அவ்ளோ சிரிப்பு?" என்றார் அவர். "உங்க தலைவர் குடிச்சாரு," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. கண்டக்டர் இருக்கும்போது அவள் ஏன் வாயை வீணாக்க வேண்டும்?

மறுநாள் காலையில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். குலுக்கிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. முதலில் ஒரு வாய் குடிக்கிறேன் என்ற அம்மாளும் வந்து நின்று, பேசாமல் கையை நீட்டினாள்.

மேலே ஏதோ அசைந்தது. மாடி ஜன்னலில் காதுக்காரர், கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு விரலால் சைகை காட்டினார்: குவியலில் இடது ஓரத்தில் இருக்கிறது பார், அதை எடு. அங்கிருந்து சத்தமா கேட்கும்? ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

கைக்காரி அந்தக் காயைத் தூக்கினாள். இடது உள்ளங்கையில் ஏற்றி இறக்கினாள். நல்ல காய்தான். ஜன்னலைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்து வெட்டினாள்.

அந்த அம்மாள் குடித்தாள். குடித்து முடித்து, காயைத் திருப்பித் தரும்போது, "அப்பா, என்னா தித்திப்பு!" என்றாள்.

"தெரியும்," என்றாள் கைக்காரி.